பொரிக்க ஓர் எண்ணெய், தாளிக்க ஓர் எண்ணெய்: புகைநிலை சொல்வதும் சொல்லாததும்

எண்ணெய்களின் புகைநிலைப் பட்டியலைப் பார்த்து, எண் எதற்குப் பெரிதாக இருக்கிறதோ அதுவே பொரிக்கவும் தாளிக்கவும் நல்லது என்று முடிவு கட்டிவிடுகிறோம். அந்த எண்ணில் பாதி உண்மைதான் இருக்கிறது. பொரிக்கும்போது எண்ணெய் மணிக்கணக்கில் சூட்டில் நிற்கிறது, ஈரத்தோடு போராடுகிறது, பல நேரம் மறுநாளும் அடுப்பேறுகிறது. தாளிக்கும் எண்ணெய்க்கு ஒரு நிமிட வேலைதான். ஆனால் அது ஒரு சொட்டு மிச்சமில்லாமல் சாப்பாட்டில் கலந்துவிடுகிறது. முன்னதற்குத் தாக்குப்பிடிக்கும் திறன் வேண்டும், பின்னதற்கு மணம் வேண்டும். இந்த இரண்டையும் ஒரே எண்ணால் அளக்க முடியாது.

புகைநிலை என்றால் என்ன

சமையல் எண்ணெயின் ஒவ்வொரு மூலக்கூறிலும் ஒரு கிளிசரால், அதோடு ஒட்டிய மூன்று கொழுப்பு அமிலங்கள். சூடும் ஈரமும் சேர்ந்தால் இந்தப் பிணைப்பு கொஞ்சம் கொஞ்சமாக அறுபடும். தனியாகக் கழன்றுவிட்ட கொழுப்பு அமிலங்கள் முழு மூலக்கூறைவிட எளிதில் ஆவியாகக் கூடியவை. எண்ணெயிலிருந்து முதலில் மெல்லிய நீலப் புகையாக எழுவதில் இவற்றுக்குப் பெரும்பங்கு உண்டு. புகை விட்டுவிட்டு வராமல் தொடர்ந்து வரத் தொடங்கும் வெப்பநிலையைத்தான் அந்த எண்ணெயின் புகைநிலை, அதாவது ஸ்மோக் பாயிண்ட், என்கிறோம்.

அதற்கு மேலும் சூடேற்றினால் கிளிசரால் சிதைந்து அக்ரோலின் உண்டாகிறது. எண்ணெய் கருகும்போது கண்ணில் நீர் வரவைத்து, தொண்டையைக் கமறவைப்பது பெரும்பாலும் இதுதான். உயர்ந்த சூட்டில் பொரிக்கும்போது எழும் புகையை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக் கூடும் என்று கருதப்படும் ‘2ஏ’ பிரிவில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை வைத்திருக்கிறது. கவலை புகையைச் சுவாசிப்பதைப் பற்றியது என்பதால், சாப்பிடுகிறவரைவிட அடுப்படியில் நிற்கிறவருக்குத்தான் இது முதல் எச்சரிக்கை. காற்றோட்டம் இல்லாத சமையலறையில் எண்ணெயைப் புகையவிட்டுச் சமைப்பதை வழக்கமாக்கிக்கொள்ளக் கூடாது.

பொரிக்கும்போது எழுவதெல்லாம் புகை அல்ல. ஈரமான பண்டத்தைப் போட்டதும் வெள்ளையாகக் குபுகுபுவென்று வருவது நீராவி. அது கொஞ்சம் உயரம் போவதற்குள் கரைந்துவிடும், கண்ணை எரிக்காது. புகையோ நீலம் கலந்த மெல்லிய இழையாக, வாணலியில் ஒன்றுமே இல்லாதபோதும் எழும். அறையில் தங்கும், வாடை துணியில் ஒட்டும்.

எண் ஏன் ஆளுக்கொன்றாக இருக்கிறது

ஒரே கடலை எண்ணெய்க்கு ஓரிடத்தில் 160 டிகிரி என்றும் இன்னோர் இடத்தில் 230 டிகிரி என்றும் போட்டிருப்பார்கள். இரண்டும் சரியாக இருக்கலாம். வேறுபாடு வித்தில் இல்லை, எண்ணெயில் கழன்று நிற்கும் கொழுப்பு அமிலத்தின் அளவில் இருக்கிறது. அது 0.05 சதவீதத்துக்குப் பக்கத்தில் இருந்தால் புகைநிலை 210 டிகிரியைத் தாண்டும். 0.2 சதவீதமானால் 190 டிகிரிக்கு அருகே வந்துவிடும். 1 சதவீதமானால் சுமார் 160 டிகிரியிலேயே புகை தெரியும். சுத்திகரிப்பில் இந்த அமிலங்களையும் மணப்பொருள்களையும் நீக்கிவிடுவதால் ரீஃபைண்ட் எண்ணெய் அதிகச் சூடு தாங்குகிறது. செக்கில் ஆட்டிய எண்ணெயில் இவையெல்லாம் அப்படியே இருப்பதால் மணம் இருக்கும், புகையும் சீக்கிரம் வரும்.

ஆகவே கீழே வரும் எண்களை எல்லைக்கோடாகக் கொள்ள வேண்டாம், ஒரு மதிப்பீடாக வைத்துக்கொள்ளுங்கள். ரீஃபைண்ட் செய்த கடலை, சூரியகாந்தி, சோயா, தவிட்டு எண்ணெய்கள் புதிதாக இருக்கும்போது 225 முதல் 235 டிகிரி வரை தாங்கும். செக்கு நல்லெண்ணெயும் சுத்திகரிக்காத தேங்காய் எண்ணெயும் 175 டிகிரியை ஒட்டிப் புகைய ஆரம்பிக்கும். ரீஃபைண்ட் தேங்காய் எண்ணெய் 200 டிகிரியைக் கடக்கும். எக்ஸ்ட்ரா வர்ஜின் ஆலிவ் எண்ணெய் தரத்தைப் பொறுத்து 160 முதல் 200 வரை. நெய் சுமார் 250. அதே பாலில் வந்த வெண்ணெய் 150 டிகிரியைத் தாண்டியதும் கருக ஆரம்பிப்பதற்குக் காரணம், அதிலுள்ள பால் திடப்பொருள்கள். உருக்கி வடித்து அவற்றை நீக்கிவிட்டால் அதுவே நெய்.

இந்த எண்கள் எல்லாம் புது எண்ணெயைச் சிறு கிண்ணத்தில் வைத்து, வெளிச்சம் பாய்ச்சிக் கண்ணால் பார்த்து அளந்தவை. உங்கள் வாணலியில் மாவுத் துணுக்கு கிடந்தால் எண்ணெய்க்கு முன்னால் அது புகையும். ஒருமுறை பொரித்த எண்ணெயில் கழன்ற அமிலம் கூடியிருப்பதால், பாட்டில் திறந்த அன்று இருந்த புகைநிலை இன்று அதற்கு இல்லை.

பொரிப்பைவிடத் தாளிப்பில்தான் சூடு எகிறும்

பொரிப்பதுதான் அதிகச் சூடு, தாளிப்பது சும்மா என்பது பொதுவான எண்ணம். உண்மையில் தாளிப்புக் கரண்டியில் எண்ணெய் புகைவது வாணலியில் புகைவதைவிடச் சுலபம்.

பொரிக்கும்போது பண்டத்திலுள்ள நீர் ஒரு கடிவாளம். ஒரு கிராம் நீர் ஆவியாக 2,257 ஜூல் வெப்பம் வேண்டும். அதை அது எண்ணெயிடமிருந்துதான் உறிஞ்சுகிறது. குமிழி வந்துகொண்டிருக்கும் வரை எண்ணெயின் சூடு கட்டுக்குள் நிற்கும். அதனால்தான் பண்டத்தை எடுத்துவிட்டு அடுத்த ஈடு போடுவதற்கு இடைப்பட்ட அந்தச் சில நிமிடங்களில் எண்ணெய் திடீரென்று அதிகமாகக் காய்ந்துவிடுகிறது. தீயைக் குறைக்க வேண்டிய நேரம் அதுதான்.

தாளிப்பில் இருப்பதோ ஒரு மேசைக்கரண்டி, அதாவது 15 மில்லி எண்ணெய். எடை 14 கிராம்கூட இராது. அதை அறை வெப்பத்திலிருந்து 180 டிகிரிக்குக் கொண்டுபோக 4,500 ஜூல் போதும். 150 கிராம் இரும்புக் கரண்டியைச் சூடாக்கத்தான் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் தேவை. மிதமான தீயில் இது மொத்தமும் அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடத்துக்குள் நடந்துவிடும். கடுகு உலர்ந்த பொருள் என்பதால் நீர்க் கடிவாளமும் கிடையாது. அடுத்த பத்து இருபது நொடி கவனம் தவறினால் எண்ணெய் 200 டிகிரியைத் தாண்டிவிடும்.

அப்படியென்றால் தாளிக்கத்தான் அதிகப் புகைநிலை எண்ணெய் வேண்டுமா? வேண்டாம். தாளிப்பில் எண்ணெய் உச்சச் சூட்டில் இருப்பது சில நொடிகள்தான். பிறகு குழம்பிலோ காயிலோ விழுந்து உடனே 100 டிகிரிக்குக் கீழே வந்துவிடுகிறது. சூடு ஏறுவதைக் கையால் கட்டுப்படுத்த முடியும் என்பதால், மணமுள்ள எண்ணெயைத் தைரியமாகத் தேர்ந்தெடுக்கலாம். பொரிப்பில் அந்த வசதி இல்லை.

பொரிக்கும் எண்ணெய்க்கு இரண்டாவது தேர்வு: தாக்குப்பிடித்தல்

பொரிக்கும் சூடு 160 முதல் 180 டிகிரி வரை. எனவே புகைநிலை 200 டிகிரிக்கு மேல் இருக்கும் எண்ணெய் எதுவும் முதல் தேர்வில் தேறிவிடும். சூரியகாந்தியும் தேறும், கடலை எண்ணெயும் தேறும். ஆனால் ஒரு மணி நேரம் பொரித்த பிறகு இரண்டின் நிலையும் ஒன்றல்ல. புகைநிலைப் பட்டியல் இதைச் சொல்லாது.

காற்றிலுள்ள ஆக்சிஜன் சூட்டில் கொழுப்பு அமிலங்களைத் தாக்குகிறது. எந்த அமிலத்தில் இரட்டைப் பிணைப்பு எத்தனை இருக்கிறது என்பதைப் பொறுத்தே தாக்குதலின் வேகம். பிணைப்பே இல்லாத நிறைவுற்ற கொழுப்பு அசைந்து கொடுக்காது. ஒன்று உள்ள ஓலிக் அமிலம் மெதுவாகக் கெடும். இரண்டு உள்ள லினோலியிக் அமிலம் ஓலிக்கைவிடப் பத்து மடங்கு வேகத்தில் கெடும். மூன்று உள்ள லினோலெனிக் அதைவிட வேகம். இப்படிக் கெடும்போது உண்டாகும் ஆல்டிஹைடுகள்தான் பழைய எண்ணெயின் சிக்கு வாடைக்குக் காரணம். அவற்றில் சில உடலின் செல்களுக்குத் தீங்கு செய்பவை. மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு எண்ணெய் பிசுபிசுப்பாகவும் ஆகிறது. வாணலியின் விளிம்பில் தேய்த்தாலும் போகாத மஞ்சள் பிசின் படிவது இதனால்தான்.

இந்தக் கண்ணோட்டத்தில் பார்த்தால் வரிசை மாறிவிடும். சாதாரணச் சூரியகாந்தி எண்ணெயில் லினோலியிக் 60 சதவீதத்தைத் தொடும். புகைநிலை நன்றாக இருந்தும் நீண்ட நேரப் பொரிப்புக்கும் மறுபயன்பாட்டுக்கும் அது பலவீனமானது. அதே சூரியகாந்தியில் ‘ஹை ஓலிக்’ என்று குறிப்பிட்டு வருவதில் ஓலிக் 80 சதவீதம் அளவுக்கு இருக்கும். பொரிப்பதற்கு இது கெட்டிக்கார எண்ணெய். கடலை எண்ணெயில் ஓலிக் பாதிக்கு அருகே, லினோலியிக் மூன்றில் ஒரு பங்கு. தவிட்டு எண்ணெயும் ஏறக்குறைய அதே வகை, கூடவே ஒரைசனால் என்ற காப்புப்பொருளும் அதில் உண்டு. ரீஃபைண்ட் செய்த இந்த இரண்டும் வீட்டில் பொரிக்க நல்ல நடுத்தரத் தேர்வு. சோயாவில் லினோலெனிக் 7 சதவீதம் வரை இருப்பதால், திரும்பத் திரும்பக் காய்ச்சினால் மீன் வாடை போன்ற ஒன்று தலைகாட்டும். ஒரே முறை பொரித்துக் கொட்டிவிடுவதானால் குறை சொல்ல முடியாது.

தேங்காய் எண்ணெய் ஆக்சிஜனுக்கு அசராது, ஏனென்றால் 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு. ஆனால் அதுவே கெட்ட கொழுப்பை ஏற்றும் என்பதால் தினசரிப் பொரிப்புக்கு உகந்ததல்ல. நெய்க்கும் இதே கணக்குதான். தேங்காய் எண்ணெயில் இன்னொரு தொல்லையும் உண்டு. ஈரமான பண்டத்தை அதில் பலமுறை பொரித்தால் லாரிக் அமிலம் கழன்று சோப்புச் சுவை தட்டும். வேறு எண்ணெயோடு அதைக் கலந்து காய்ச்சினால் நுரை பொங்கி வழியும். தேங்காய் எண்ணெயில் பொரிப்பதானால் அது தனியாகவே இருக்கட்டும்.

நடைமுறை 1: அரைக் கிலோ உருளைக்கிழங்கு, ஒரு லிட்டர் எண்ணெய்

பாத்திரம் குறுகலாகவும் ஆழமாகவும் இருப்பது நல்லது. அகன்ற வாணலியில் காற்றுபடும் பரப்பு அதிகம், எண்ணெய் அந்த அளவுக்கு வேகமாகக் கெடும். ஒரு லிட்டர் ஊற்றினால் பாத்திரம் பாதிகூட நிறையக் கூடாது, இரண்டரை லிட்டர் கொள்ளளவு சரியாக இருக்கும். செம்பு, பித்தளைப் பாத்திரங்களைத் தவிர்த்துவிடுங்கள். மிகச் சிறிதளவு செம்பு கரைந்தாலே எண்ணெய் கெடுவதை அது முடுக்கிவிடும்.

கிழங்கை ஒரு சென்டிமீட்டர் கனத்தில் விரல் போல நறுக்கி, குளிர்ந்த நீரில் அரை மணி நேரம் போட்டுவையுங்கள். மேற்பரப்பின் மாவும் சர்க்கரையும் நீரில் இறங்கிவிடும். சர்க்கரையும் அஸ்பரஜின் என்ற அமினோ அமிலமும் 120 டிகிரிக்கு மேல் சேரும்போதுதான் அக்ரிலமைடு உண்டாகிறது. பொரித்த மாவுப் பண்டங்களில் இது இருப்பதை 2002-ல் சுவீடன் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். எந்த எண்ணெயை மாற்றினாலும் இது போகாது. சூட்டையும் நிறத்தையும் கட்டுப்படுத்துவதே வழி. பொரிப்பதற்கான கிழங்கைப் பிரிட்ஜில் வைக்க வேண்டாம் என்பதும் இதனால்தான், குளிரில் கிழங்கின் மாவு சர்க்கரையாக மாறும்.

ஊறிய துண்டுகளைத் துணியில் பரப்பி நன்றாக ஒற்றி எடுங்கள். மேலே நிற்கும் நீர் எண்ணெயைத் தெறிக்கவைப்பதோடு, பிணைப்பை அறுத்துப் புகைநிலையையும் இறக்கும். உப்பை இப்போது போடாதீர்கள், பொரித்து எடுத்த பிறகு தூவினால் போதும்.

எண்ணெயை மிதமான தீயில் காயவையுங்கள். வெப்பமானி இருந்தால் அதன் முனை எண்ணெயின் நடுவில் நிற்க வேண்டும், அடியில் தொட்டால் அதிகம் காட்டும். வெப்பமானி இல்லாதபோது ஒரே ஒரு துண்டைப் போட்டுப் பாருங்கள். அடியிலேயே கிடந்து சோம்பலாக நாலு குமிழி விட்டால் இன்னும் காயவில்லை. போட்டவுடன் சுற்றிலும் குமிழி கட்டி மேலே வந்தால் 170 டிகிரியைத் தாண்டிவிட்டது. சில நொடிகளில் நிறம் மாறினால் சூடு மிஞ்சிவிட்டது. அடுப்பை அணைத்து இரண்டு நிமிடம் காத்திருங்கள். பச்சை எண்ணெய் ஊற்றிச் சூட்டைக் குறைக்கலாம், தண்ணீர் மட்டும் கூடவே கூடாது.

அரைக் கிலோவையும் ஒன்றாகக் கொட்டினால் என்ன ஆகும்? ஒரு லிட்டர் எண்ணெயின் எடை சுமார் 900 கிராம். ஒரு கிராம் எண்ணெயை ஒரு டிகிரி சூடேற்ற, தண்ணீருக்குத் தேவைப்படுவதில் பாதிதான் வேண்டும். அதாவது எண்ணெய் தன்னிடம் வைத்திருக்கும் வெப்பம் அவ்வளவு பெரிதல்ல. 100 கிராம் கிழங்கு 25 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குச் சூடாவதற்குள் எண்ணெயின் சூடு 13, 14 டிகிரி இறங்கும். அதை அடுப்பு ஈடுகட்டிவிடும். 300 கிராம் போட்டால் 40 டிகிரி இறங்கும், நீர் ஆவியாவது இன்னும் இழுக்கும். 180-ல் தொடங்கியது 130-க்குப் போய்விடும். அங்கே பொரியாது, எண்ணெயில் வேகும். அதனால் ஓர் ஈட்டுக்கு 100 முதல் 120 கிராம். அரைக் கிலோவுக்கு நாலைந்து ஈடு.

முதலில் 150 முதல் 160 டிகிரியில் ஐந்தாறு நிமிடம் உள்ளே வேகவிட்டு, நிறம் வராமலே எடுத்துத் தட்டில் ஆறவையுங்கள். எல்லா ஈடும் முடிந்தபின் 175 டிகிரியில் இரண்டு மூன்று நிமிடம் மறுபடி பொரித்தால் மேல்தோல் மொறுமொறுவென்று ஆகும். வெளிர் பொன்னிறத்தில் நிறுத்திவிடுங்கள். பழுப்பு ஏற ஏற அக்ரிலமைடும் ஏறும், கசப்பும் வரும்.

எடுக்கும் நொடியில்தான் எண்ணெய் குடிக்கும் அளவு முடிவாகிறது. பொரியும்போது உள்ளிருந்து நீராவி வெளியே தள்ளிக்கொண்டே இருப்பதால் எண்ணெய் அதிகம் உள்ளே போவதில்லை. வெளியே எடுத்து ஆறும்போது உள்ளே இருக்கும் ஆவி குளிர்ந்து சுருங்கி, மேலே ஒட்டியிருக்கும் எண்ணெயை இழுத்துக்கொள்கிறது. ஆகவே ஜல்லிக்கரண்டியில் அள்ளியதும் வாணலிக்கு மேலேயே பத்துப் பதினைந்து நொடி நன்றாகக் குலுக்கி வடித்துவிட வேண்டும். குவியலாகப் போட்டு ஆறவைத்துவிட்டுப் பிறகு காகிதத்தில் ஒற்றுவது பயன் குறைவு, போக வேண்டியது உள்ளே போய்விட்டிருக்கும்.

பண்டம் எண்ணெய் குடித்திருந்தால் முதல் சந்தேகம் குறைந்த சூட்டின்மீது, அல்லது ஓர் ஈட்டில் போட்ட அளவின்மீது. சூடும் அளவும் சரியாக இருந்தும் குடித்தால் எண்ணெய் பழசு. கெட்ட எண்ணெயில் சோப்பு போன்ற தன்மையுள்ள பொருள்கள் சேர்ந்துவிடுவதால் அது பண்டத்தோடு அதிகம் ஒட்டும்.

நடைமுறை 2: தாளிப்பு

தாளிப்பின் வேலை மசாலாவின் மணத்தை எண்ணெயில் கரைத்து எடுப்பது. அந்த மணப்பொருள்களில் பெரும்பாலானவை நீரில் சரியாகக் கரையாது, எண்ணெயில் கரையும். எண்ணெயின் சொந்த மணமும் இங்கே கணக்கில் வரும். அதனால் செக்கு நல்லெண்ணெய், செக்குக் கடலை எண்ணெய், தேங்காய் எண்ணெய், நெய் ஆகியவற்றின் இடம் இதுதான். நல்லெண்ணெயில் செசமால் என்ற இயற்கைக் காப்புப்பொருள் உண்டு. அதன் கொழுப்பு அமிலங்களைப் பார்த்தால் எதிர்பார்ப்பதைவிட அது கெடாமல் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். மணமற்ற ரீஃபைண்ட் எண்ணெயில் தாளித்தால் தவறில்லை, மசாலாவின் மணம் மட்டும் வரும். விலை கூடிய செக்கு எண்ணெயைப் பொரிக்க ஊற்றுவதும், தாளிக்க ரீஃபைண்ட் எடுப்பதும்தான் எனக்குப் புரியாத கணக்கு. முதலாவதில் மணம் புகையோடு போய்விடுகிறது, இரண்டாவதில் தொடக்கத்திலிருந்தே இல்லை.

நாலு பேருக்கான குழம்புக்கு 15 மில்லி எண்ணெய், அரைத் தேக்கரண்டி கடுகு, ஒரு தேக்கரண்டி உளுத்தம்பருப்பு, கால் தேக்கரண்டி சீரகம், இரண்டு காய்ந்த மிளகாய், ஒரு கொத்துக் கறிவேப்பிலை, ஒரு சிட்டிகை பெருங்காயம் என்று வைத்துக்கொள்வோம். கனமான அடியுள்ள சிறு கரண்டி எடுங்கள். மெல்லிய தகடாக இருந்தால் எண்ணெயின் ஒரு பக்கம் புகையும்போது மறுபக்கம் காயாமல் இருக்கும். கரண்டியில் துளி ஈரம்கூட இருக்கக் கூடாது.

மிதமான தீயில் எண்ணெயை ஊற்றியதும் இரண்டு கடுகைப் போட்டுவிடுங்கள், அவையே உங்கள் வெப்பமானி. அவை வெடித்ததும் மீதிக் கடுகு. உள்ளே இருக்கும் சொற்ப ஈரம் ஆவியாகி ஓட்டை உடைப்பதுதான் அந்தப் படபடப்பு. வெடிக்காத கடுகு கசக்கும். படபடப்பு பாதி அடங்கியதும் தீயைக் குறைத்து உளுத்தம்பருப்பு. அது வெளிர் சிவப்பாகத் தொடங்கும்போது சீரகமும் மிளகாயும். இவை பத்துப் பதினைந்து நொடிக்கு மேல் தாங்காது. மிளகாய் உப்பி நிறம் கூடியதும் அடுப்பை அணைத்துவிட்டுப் பெருங்காயம், கடைசியில் கறிவேப்பிலை. இலையின் ஈரம் எண்ணெயின் சூட்டைத் தடாலென்று இறக்கும். கடிவாளமே இல்லாத தாளிப்பில் அதுதான் பிரேக். மஞ்சள்தூளோ மிளகாய்த்தூளோ சேர்ப்பதானால் இந்தக் கட்டத்துக்குப் பிறகுதான், அதுவும் உடனே குழம்பில் கொட்டிவிட வேண்டும். தூள் சில நொடிகளில் கருகும்.

வரிசை முழுவதும் ஒரே விதியில் நிற்கிறது: கெட்டியானதும் கருக நேரம் எடுப்பதும் முன்னால், மெலிந்ததும் ஈரமானதும் பின்னால். கடுகு போடும் முன்பே நீலப் புகை எழுந்தால் அந்த எண்ணெயைக் கொட்டிவிட்டு மறுபடி ஊற்றுங்கள். 15 மில்லிதான் நஷ்டம். கருகிய எண்ணெயின் கசப்பைப் பிறகு எதைப் போட்டாலும் மறைக்க முடியாது.

தாளிக்காமல், அடுப்பை அணைத்தபின் பச்சையாகச் சுற்றி ஊற்றும் எண்ணெய்க்குப் புகைநிலையே பொருட்டல்ல. ஆளிவிதை எண்ணெய் போல 107 டிகிரியிலேயே புகையக் கூடிய, எளிதில் கெடும் எண்ணெய்களுக்கு அந்த இடம் மட்டும்தான் பொருந்தும்.

பொரித்த எண்ணெயை என்ன செய்வது

பொரித்து முடிந்ததும் எண்ணெயை வாணலியிலேயே இரவெல்லாம் திறந்து வைப்பதுதான் அதிகம் கெடுக்கும் பழக்கம். கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் மெல்லிய துணியில் வடிகட்டி, கசடு ஒரு துணுக்கும் இல்லாமல், உலர்ந்த பாட்டிலில் கழுத்துவரை நிரப்பி மூடி, வெளிச்சம் படாத குளிர்ந்த இடத்தில் வையுங்கள். கழுத்துவரை என்று சொல்வது காற்றுக்கு இடம் விடாமலிருக்க. பிரிட்ஜில் வைத்தால் சில எண்ணெய்கள் கலங்கும் அல்லது உறையும், அது கெட்டதன் அடையாளம் அல்ல. ஒரு வாரத்துக்குள் இன்னொரு முறை பொரிக்கலாம். புது எண்ணெய் இருக்கும் பாட்டிலில் மட்டும் இதைத் திருப்பி ஊற்றாதீர்கள். கெட்டுப்போன மூலக்கூறுகள் புதிய எண்ணெயையும் வேகமாகக் கெடவைக்கும். பொரித்த எண்ணெயைத் தாளிக்க எடுக்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. மணத்துக்காகச் செய்யும் வேலைக்கு மணம் கெட்ட எண்ணெயை எடுப்பதாகத்தான் முடியும். தீர்த்தே ஆக வேண்டுமென்றால் வதக்கலுக்குப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

எப்போது கொட்ட வேண்டும் என்பதற்கு வணிகச் சமையலில் ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். எண்ணெயில் சேரும் சிதைவுப் பொருள்களின் மொத்த அளவு அது, பல நாடுகளில் 24 முதல் 27 சதவீதம்தான் எல்லை. வீட்டில் அதை அளக்கும் கருவி இல்லாவிட்டாலும் எண்ணெய் தானே சொல்லும். பண்டம் போட்டதும் வரும் பெரிய குமிழிகள் சட்டென்று உடையாமல், சிறு சிறு நுரையாகப் பரவி நின்றால் அது முதல் அடையாளம். கரண்டியிலிருந்து ஒழுகும்போது கெட்டியாக இழைந்தால் இரண்டாவது. முன்பு புகையாத சூட்டில், பொரிக்கும் பதத்துக்கு வருவதற்குள்ளேயே புகைந்தால் அதற்குமேல் யோசிக்கவே வேண்டாம். நிறத்தை மட்டும் நம்ப முடியாது. மசாலா தடவிய பண்டத்தை ஒருமுறை பொரித்தாலே எண்ணெய் கறுக்கும், வெறும் கிழங்கைப் பலமுறை பொரித்த கெட்ட எண்ணெய் வெளுப்பாகவே இருக்கக் கூடும்.

கொட்டும்போது கழுநீர்த் தொட்டியில் ஊற்றினால் குழாய்க்குள் போய் உறைந்து அடைக்கும். முழுக்க ஆறவைத்து, மூடியுள்ள பாட்டிலில் அடைத்துக் குப்பையில் சேருங்கள், அல்லது பழைய எண்ணெய் சேகரிப்பவர்களிடம் கொடுங்கள். கொஞ்சமாக இருந்தால் பழைய செய்தித்தாளிலோ மரத்தூளிலோ ஊறவைத்துப் போட்டுவிடலாம்.

எண்ணெய் தீப்பிடித்துவிட்டால் தண்ணீரும் ஈரத்துணியும் வேண்டவே வேண்டாம். எண்ணெய்க்கு அடியில் இறங்கும் தண்ணீர் நொடியில் ஆயிரத்து ஐந்நூறு மடங்குக்கு மேல் விரிந்து, எரியும் எண்ணெயை அறை முழுக்கத் தூக்கி வீசும். அடுப்பை அணையுங்கள், சரியாகப் பொருந்தும் உலோக மூடியைப் பக்கவாட்டிலிருந்து நகர்த்தி மூடுங்கள். தீ அணைந்ததாகத் தோன்றினாலும் மூடியைத் திறந்து பார்க்க வேண்டாம். எண்ணெய் அந்தச் சூட்டில் இருக்கும்வரை காற்று பட்டதும் மறுபடி பற்றிக்கொள்ளும். பாத்திரம் முழுவதும் ஆறட்டும்.